எல்லா பல்பும் எரியுது, ஆனா இடது இண்டிகேட்டர் மட்டும் தந்தி அடிக்குது

உப்புக்காத்து | ஜூன் 11, இரவு 9.20

2008 மாடல் ஹேட்ச்பேக். செகண்ட் ஹேண்ட், என் கைக்கு வந்து நாலு வருஷம். வீடு முட்டம் பக்கம், வேலை நாகர்கோவில்ல.

ஒரு வாரமா இடது இண்டிகேட்டர் போட்டா டிக்டிக்டிக்னு தந்தி மாதிரி அடிக்குது. வலதுக்கு ஒரு குறையும் இல்ல. பல்ப் போயிருக்கும்னு இறங்கிச் சுத்திப் பாத்தேன். முன்னால எரியுது, பக்கவாட்டுல உள்ள சின்னதும் எரியுது, பின்னாலயும் எரியுது. ஹசார்ட் போட்டா எல்லாம் ஒழுங்கான வேகத்துல அடிக்குது. அப்போ பல்ப்ல தப்பு இல்லன்னுதானே அர்த்தம்?

டவுன்ல ஒரு கடையில காட்டினேன். இண்டிகேட்டரை விட்டு விட்டு அடிக்க வைக்கிற பிளாஷர் ரிலே போச்சுன்னு 350 ரூபாய்க்குப் புதுசு மாட்டினாங்க. கடை வாசல்ல நல்லா அடிச்சுது. செட்டிகுளம் ஜங்ஷன்ல வந்து நின்னா மறுபடியும் தந்தி. டூப்ளிகேட் ரிலேயை மாட்டி விட்டுட்டாங்கன்னு நினைக்கேன். ஒரிஜினல் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குலசேகரம் ரப்பர் | ஜூன் 11, இரவு 10.05

ரிலேதான், சந்தேகமே வேண்டாம். எங்க அப்பா அம்பாசடர் வச்சிருந்த காலத்துல இருந்தே பாக்குறேன், இண்டிகேட்டர் வேகம் மாறினா ரிலே போச்சுன்னு அர்த்தம். ஒரிஜினல் தேடி அலையாதீங்க. எல்.இ.டி. வண்டிக்குன்னு ஒரு எலக்ட்ரானிக் ரிலே விக்குது, அதை வாங்கி மாட்டுங்க. நான் மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு நாள் கூட வேகமா அடிச்சது கிடையாது.

தக்கலை அண்ணாச்சி | ஜூன் 12, காலை 6.10

ரப்பர் தம்பி, காலையிலேயே என்னைச் சிரிக்க வச்சீரு. அம்பாசடர்ல இருந்தது தகர டப்பா பிளாஷர். உள்ள ஒரு தகடு சூடாகி வளையும், ஆறினா திரும்பும். பல்ப் ஒண்ணு போச்சுன்னா கரண்டு குறையும், தகடு சூடாக நேரம் எடுக்கும், அதனால மெதுவா அடிக்கும், இல்லன்னா அடிக்காமலே நிக்கும். வேகமா அடிக்கிறது பொதுவா அதுக்குப் பின்னால வந்த எலக்ட்ரானிக் ரிலேயோட குணம். அந்தக் குணத்தை வேணும்னுதான் வச்சிருக்கான்.

உப்புக்காத்து தம்பி, நீர் பல்ப் எரியுதான்னு கண்ணால பாக்குறீரு. ரிலேக்குக் கண்ணு கிடையாது. அதுக்குத் தெரியுறதெல்லாம் தன் வழியா எவ்வளவு கரண்டு போகுதுங்கிறது மட்டும்தான். ஒரு பக்கத்துக்கு முன்னால 21 வாட், பின்னால 21 வாட், பக்கவாட்டுல 5 வாட். மொத்தம் 47 வாட், கிட்டத்தட்ட 4 ஆம்பியர். ஒரு 21 வாட் செத்தா மிச்சம் 26 தான். உடனே ரிலே வேகத்தை ஏறக்குறைய ரெண்டு மடங்காக்கி டிரைவர் காதுல சத்தம் போடும். பக்கவாட்டு 5 வாட் செத்தா பெரும்பாலும் கண்டுக்காது, அது அவ்வளவு சின்னது.

ஹசார்ட்ல சரியா அடிக்கிறதை நம்பாதீரும். உம்ம வண்டி மாதிரி ஹசார்டுக்கும் அதே ரிலேதான் வேலை பாக்குதுன்னா, அப்போ ரெண்டு பக்கமும் சேந்து 94 வாட் ஓடும். ஒரு பல்ப் செத்தாலும் 73 மிச்சம். ரிலேக்கு அது தாராளம், ஒண்ணும் சொல்லாது. ஹசார்ட் சரின்னா ரிலேக்கு உயிர் இருக்கு, அவ்வளவுதான் அர்த்தம். பல்ப் எல்லாம் சரின்னு ஆகாது.

புது ரிலேயும் அதையே சொல்லுதுன்னா ரெண்டு ரிலேயும் உண்மை பேசுதுன்னுதான் நான் எடுப்பேன். கரண்டு எங்கேயோ குறையுது. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடிக்குதுன்னு வாட்ச் வச்சு எண்ணி எழுதும். 60ல இருந்து 120க்குள்ள இருந்தா அது ஒழுங்கு. எப்போ வேகம், எப்போ சரி, அதையும் எழுதும்.

குளச்சல் புல்லட் | ஜூன் 12, காலை 11.30

எனக்கும் இதே பிரச்சனை அண்ணாச்சி. பைக்ல நாலு இண்டிகேட்டரையும் எல்.இ.டி. ஆக்கினேன், பைத்தியம் பிடிச்ச மாதிரி அடிக்குது. கடையில ரெசிஸ்டர் வைக்கச் சொல்றாங்க. வைக்கலாமா?

தக்கலை அண்ணாச்சி | ஜூன் 12, மதியம் 1.45

புல்லட் மக்கா, உமக்கு இதே பிரச்சனை இல்ல, நீரே காசு குடுத்து வாங்கின பிரச்சனை. எல்.இ.டி. இழுக்கிற கரண்டு கொசுக்கடி. பல்பே இல்லன்னு ரிலே நினைக்குது. ரெசிஸ்டர் வச்சா, பல்ப் தின்ன கரண்டை அது தின்னு சும்மா சூடாக்கும். அதை பிளாஸ்டிக் மேல கட்டி வச்சு உருகின கேஸ் ரெண்டு பாத்திருக்கேன். பைக்குக்கு எல்.இ.டி. ரிலே போடும், அங்க அதுதான் சரி. இனிமே தனி இழை போட்டுக் கேளும்.

உப்புக்காத்து | ஜூன் 12, இரவு 8.50

எண்ணிட்டேன் அண்ணாச்சி. எண்ணினதுக்கு அப்புறம் குழப்பம் கூடிப்போச்சு.

வீட்டு முற்றத்துல வண்டியை நிறுத்தி, இடது போட்டு, வெளியே நின்னு எண்ணினா நிமிஷத்துக்கு 84. வலதும் 84. ஒரு குறையும் இல்ல. சரி, தானா சரியாகிட்டுதுன்னு டவுனுக்குக் கிளம்பினேன். சுங்கான்கடை தாண்டி ஒரு இடத்துல இடது போட்டு நின்னேன். தந்தி. எண்ண முடியல, 150க்கு மேல இருக்கும். அப்படியே ஓரம்கட்டி, இறங்கிப் பின்னால போய்ப் பாத்தா 84.

நான் உள்ள இருந்தா வேகம், வெளிய நின்னா ஒழுங்கு. வீட்டுக்காரிகிட்ட சொன்னா, வண்டிக்கும் என்னைப் பிடிக்கலன்னு சொல்லுதா. நாளைக்கு மண்டைக்காட்டுல ஒரு எலுமிச்சம்பழம் வச்சுட்டு வரலாமான்னு யோசிக்கேன்.

ஆசாரிபள்ளம் டீச்சர் | ஜூன் 12, இரவு 9.40

எலுமிச்சம்பழம் வைக்கிறதுக்கு முன்னாடி பல்பைக் கழட்டி அடியில எழுதியிருக்கிறதைப் படிச்சிடுங்க. போன வருஷம் எனக்கும் இதே கதைதான், எல்லாம் எரியும், ஆனா வேகமா அடிக்கும். மூணு பேர் பாத்தாங்க. கடைசியில பாத்தா முன்னால இருந்தது 5 வாட் பல்ப். யாரோ மாத்தும்போது கையில கிடைச்சதைச் சொருகியிருக்காங்க. 5 வாட், 21 வாட் ரெண்டுக்கும் அடி ஒரே மாதிரி இருக்கிறதால அதே ஹோல்டர்ல உக்காந்துக்கும். வெயில்ல பாத்தா மஞ்சள் கண்ணாடிக்குள்ள வித்தியாசமும் தெரியாது. வலது, இடது ரெண்டையும் ராத்திரி சுவர்ல அடிச்சுப் பாத்தப்பதான் எனக்கே புரிஞ்சுது.

உப்புக்காத்து | ஜூன் 13, காலை 7.30

டீச்சர் சொன்னபடி ரெண்டையும் கழட்டிப் பாத்தேன். முன்னால 12 வோல்ட் 21 வாட், பின்னாலயும் 21. நல்ல யோசனைதான், ஆனா என் வீட்டுப் பேய் அது இல்ல. பின்னால பல்பைக் கழட்டும்போது ஹோல்டர் கொஞ்சம் முரண்டு பிடிச்சுது, உள்ள ஒரு மாதிரி ஈர வாடை. மழைக்காலம்தானேன்னு விட்டுட்டேன்.

குலசேகரம் ரப்பர் | ஜூன் 13, காலை 9.15

நான் முதல்லயே சொன்னேன். ஒரு ரிலேயில முடியிற வேலையை எதுக்கு இவ்வளவு இழுக்கணும்?

இன்னொண்ணு, வண்டி ஓடும்போது மட்டும் வேகம்னா ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் கூடிப் போயிருக்கலாம். இன்ஜின் ஆஃப்ல 12.5 இருக்கும், ஓடும்போது 14க்குப் போகும். அதையும் செக் பண்ணுங்க.

தக்கலை அண்ணாச்சி | ஜூன் 13, மதியம் 2.00

வோல்டேஜ்னா வலது பக்கமும் வேகமா அடிக்கணுமே தம்பி. ஆல்டர்னேட்டருக்கு இடது வலது தெரியுமா?

ஆனா, ஓடும்போது மட்டும்னு இவரு பிடிச்ச நூல் நல்ல நூல். உப்புக்காத்து, நீர் வண்டிக்குள்ள இருக்கும்போது செய்யுற எதை வெளிய நிக்கும்போது செய்ய மாட்டீரு? அதை மட்டும் யோசியும்.

உப்புக்காத்து | ஜூன் 13, இரவு 10.15

கண்டுபிடிச்சாச்சு. கண்டுபிடிச்சது நான் இல்ல, மச்சான்.

சாயங்காலம் அவன் பைக்ல எனக்குப் பின்னால வந்தான். திங்கள்சந்தையில டீ குடிக்க நிறுத்தினதும் கேக்கான்: "ஓய், நீரு இடது இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் சேந்து மினுக்குதே, அது என்ன புது பேஷனா?"

டீயை வச்சுட்டு ஓடினேன். அவனைப் பின்னால நிறுத்தி, நான் உள்ள உக்காந்து ஒவ்வொண்ணா செஞ்சோம். பிரேக்ல கால் வைக்காம இடது போட்டா 84. ஆனா பின் இண்டிகேட்டர் கொஞ்சம் மங்கல், அது எரியும்போதெல்லாம் ரெண்டு பக்கப் பிரேக் லைட்டும் லேசா சிவக்குது. பிரேக்கை மிதிச்சேன், உடனே தந்தி. பின் இண்டிகேட்டர் கிட்டத்தட்ட அணைஞ்சு போச்சுன்னு மச்சான் சொன்னான். காலை எடுத்தா திரும்பவும் 84. பார்க் லைட்டும் போட்டு மிதிச்சா இன்னும் மோசம்.

பேய் என் வலது கால்ல இருந்திருக்கு. இறங்கும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக் போட்டு இறங்குறேன், பிரேக்ல கால் இல்ல, அதனால ஒழுங்கா அடிக்குது. ஜங்ஷன்ல நிக்கும்போது பிரேக்ல கால் இருக்கு.

அண்ணாச்சி, இது என்ன சங்கதி? பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் வேற வேற வயர்தானே வருது?

தக்கலை அண்ணாச்சி | ஜூன் 14, காலை 5.50

வர்ற வயர் வேற வேற, போற வயர் ஒண்ணு. எர்த். உம்ம மச்சானுக்கு ஒரு பழம்பொரி வாங்கிக் குடும், முக்கால் வேலையை அவன் முடிச்சுட்டான்.

பின் லைட் கூட்டுக்குள்ள இண்டிகேட்டர், பிரேக், பார்க், ரிவர்ஸ் எல்லாத்துக்கும் கரண்டு தனித்தனியா வரும். ஆனா அத்தனையும் வெளிய போறது ஒரே கறுப்பு வயர் வழியா. நம்ம வயல்ல நாலு கண்டத்துக்கும் தண்ணி தனித்தனி மடையில வந்து, வடியறது ஒரே மடையிலன்னு வச்சுக்கும். வடிமடை அடைச்சுக்கிட்டா தண்ணி சும்மா நிக்காது, வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் கண்டத்துக்குள்ள ஏறும்.

உமக்கு அதான் நடக்குது. இண்டிகேட்டருக்கு வந்த கரண்டுக்கு எர்த்துல வழி இறுக்கமா இருக்கு. அது இடது பிரேக் பல்புக்குள்ள பின்பக்கமா ஏறி, பிரேக் வயர் வழியா வலது பக்கப் பிரேக் பல்புக்குப் போயி, அங்க உள்ள நல்ல எர்த்துல இறங்குது. அதனாலதான் ரெண்டு பிரேக் லைட்டும் மினுக்குது. சுத்துவழியா இருந்தாலும் ஓரளவு கரண்டு ஓடுறதால ரிலே பொறுத்துப் போகுது.

நீர் பிரேக்கை மிதிச்சா அந்தச் சுத்துவழியில எதிர்ல இருந்தே 12 வோல்ட் வந்து நிக்குது. வழி அடைஞ்சுது. அது மட்டுமில்ல, பிரேக் கரண்டும் அதே இறுக்கமான எர்த்துல நெருக்கியடிச்சுப் போகப் பாக்குது. இண்டிகேட்டருக்குக் கிடைக்கிற பங்கு பாதிக்கும் கீழ. ரிலே அதைப் பாத்துப் பல்ப் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டுது. அதோட கணக்குல தப்பே இல்ல.

டிக்கிக்குள்ள இடது மூலையில எர்த் போல்ட் இருக்கும், அங்க இருந்து தொடங்கும்.

ஆசாரிபள்ளம் டீச்சர் | ஜூன் 14, காலை 8.20

அப்படின்னா இடது பிரேக் லைட்டும் இவ்வளவு நாள் மங்கலாத்தானே எரிஞ்சிருக்கும்? பின்னால வர்ற பஸ்காரனுக்கு அது தெரிஞ்சிருக்காதே. இண்டிகேட்டர் வேகத்தை விட எனக்கு அதுதான் பயமா இருக்கு.

தக்கலை அண்ணாச்சி | ஜூன் 14, காலை 8.45

டீச்சர் சரியான இடத்துல கை வச்சீங்க. 12 வோல்ட் பல்புக்கு 8 வோல்ட் கிடைச்சா வெளிச்சம் மூணுல ரெண்டு பங்கு இருக்கும்னு நினைப்போம். இருக்காது, கால்வாசிதான் இருக்கும். பல்ப் அப்படித்தான்.

உப்புக்காத்து | ஜூன் 15, மாலை 6.30

ஞாயித்துக்கிழமை முழுக்க டிக்கிக்குள்ள போச்சு.

இடது மூலையில பக்கத் துணியை விலக்கினா போல்ட் இருந்துது. வளையத்துல வெள்ளையா உப்பு பூத்திருந்துது. இதுதான் திருடன்னு எனக்கு ஒரே சந்தோஷம். கழட்டி, எமரி தாள் போட்டுத் தேச்சு, பாடியில பெயின்ட்டைச் சுரண்டி, பளபளன்னு மாட்டினேன். பிரேக்கை மிதிச்சேன். தந்தி.

அரை மணி நேரம் படியில உக்காந்திருந்தேன். அம்மா ரசவடை கொண்டு வந்து தந்தாங்க.

தக்கலை அண்ணாச்சி | ஜூன் 15, இரவு 7.40

பாத்ததும் தேய்க்காதீரும், அளந்துட்டுத் தேயும். மீட்டர் இருக்கா? மீட்டரோட கறுப்பு முனையை ஒரு நீள வயர் போட்டு முன்னால பேட்டரி மைனஸ்ல கவ்வ வையும். மீட்டரை வோல்ட்ல வச்சு, சிவப்பு முனையால எர்த் வழியில ஒவ்வொரு இடமாத் தொட்டுக்கிட்டே வாரும். முதல்ல போல்ட், அப்புறம் வயர், அப்புறம் வயரை லைட்டுல சொருகுற கப்ளர், அப்புறம் லைட்டோட தகடு. எர்த் நல்லாயிருந்தா எங்க தொட்டாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல காட்டணும். 0.1, 0.2க்கு மேல போனா, எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல எகிறுதோ அந்த நடுவுலதான் கோளாறு.

முக்கியமான சங்கதி, இண்டிகேட்டர் போட்டு அளக்காதீரும். அணைஞ்சு எரியும்போது நம்பர் குதிச்சுக்கிட்டே இருக்கும், ஒண்ணும் விளங்காது. அதே எர்த்தைத்தான் பிரேக்கும் பயன்படுத்துது, யாரையாவது பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கச் சொல்லி அளந்து பாரும். பல்ப் எரியாம எர்த்தை அளக்கவே கூடாது. கரண்டு ஓடலன்னா பூத்துப்போன எர்த் கூட நல்ல பிள்ளை மாதிரி பூஜ்யம் காட்டும்.

உப்புக்காத்து | ஜூன் 16, இரவு 9.10

வீட்டுக்காரி பிரேக்ல கால் வச்சு, கையில போன் பாத்துக்கிட்டு இருந்தா. நான் பின்னால.

போல்ட்டுல 0.02. நான் தேச்ச போல்ட் ஏற்கனவே நல்லாத்தான் இருந்திருக்கும், வெள்ளைப் பூவைப் பாத்து ஏமாந்துட்டேன். கப்ளருக்குப் பின்னால கறுப்பு வயர் நுழையுற இடத்துல 0.05. கப்ளருக்கு இந்தப் பக்கம், லைட்டோட எர்த் தகட்டுல 4.2.

ரெண்டு இடத்துக்கும் நடுவுல தூரம் ஒரு விரல்கடை கூட இல்ல. அந்த ஒரு விரல்கடையில 4 வோல்ட் காணாமப் போகுது. ஆசைக்கு இண்டிகேட்டரும் போட்டுப் பாத்தேன், 4க்கும் 9க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது.

கப்ளரைக் கழட்டினேன். அஞ்சு பின்ல நாலு பளபளன்னு நல்லாயிருக்கு. எர்த் பின் மட்டும் பச்சைக் களிம்பு, அதைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பு நிறத்துல லேசா உருகியிருக்கு. எல்லா பல்போட கரண்டும் ஒரே பின்ல போறதால அதுக்குத்தான் சூடு அதிகம்னு இப்போ புரியுது.

அதுக்கு நேர் மேல லைட்டைச் சுத்தி உள்ள ஃபோம் ரப்பர் ஒரு பக்கம் பிஞ்சு, மழைத்தண்ணி சொட்டுற தடம் அப்படியே தெரியுது. நான் ஜூன் 13ல ஈர வாடைன்னு எழுதினேனே, அதை அப்பவே பாத்திருந்தா ரெண்டு நாள் மிச்சம்.

குளச்சல் புல்லட் | ஜூன் 16, இரவு 9.55

கடற்கரை வண்டிக்கு இதெல்லாம் சாதாரணம்ணே. எங்க தெருவுல புது வண்டி சைலன்சரே ரெண்டு வருஷத்துல முருங்கைக்காய் தோல் மாதிரி ஆயிரும். எல்.இ.டி. ரிலே போட்டுட்டேன், பைக் இப்போ ஒழுங்கா அடிக்குது. அண்ணாச்சிக்கு நன்றி.

குலசேகரம் ரப்பர் | ஜூன் 17, காலை 7.00

சரி, எர்த்துதான், ஒத்துக்கிடுதேன். ஆனா ஒரு கேள்வி. கடை வாசல்ல புது ரிலே போட்டதும் எப்படி நல்லா அடிச்சுது? ரிலேயில ஒண்ணுமே இல்லன்னா மாறியிருக்கக் கூடாதே.

உப்புக்காத்து | ஜூன் 17, மதியம் 1.20

கடைக்காரப் பையன் சாவியைத் திருப்பி இண்டிகேட்டர் போட்டான், வண்டிக்கு வெளிய நின்னபடிதான். பிரேக்ல கால் இல்ல. பழைய ரிலேயும் அப்போ நல்லாத்தான் அடிச்சிருக்கும், ஆனா அதை அப்படிப் போட்டுப் பாக்காம நேரா கழட்டிட்டாங்க. நானும் சொல்லல, எனக்கும் தெரியாது. டூப்ளிகேட் ரிலேன்னு முதல் நாள் எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். அவங்க போட்டது நல்ல ரிலேதான், தேவைப்படாத ரிலே.

ஆசாரிபள்ளம் டீச்சர் | ஜூன் 17, மாலை 5.05

ஒரு சந்தேகம் அண்ணாச்சி. எர்த் முழுசா அறுந்துபோனா, இண்டிகேட்டர் போடாம பிரேக்கை மட்டும் மிதிச்சா என்ன ஆகும்? பிரேக் கரண்டு எங்க போகும்?

தக்கலை அண்ணாச்சி | ஜூன் 17, இரவு 8.30

டீச்சர்கிட்ட படிக்கிற பிள்ளைங்க பாவம், தப்பிக்கவே முடியாது.

அது பின் இண்டிகேட்டர் பல்புக்குள்ள ஏறி, இண்டிகேட்டர் வயர் வழியா முன்னால போயி, முன் இண்டிகேட்டர் பல்ப்ல இறங்கும். அதாவது பிரேக்கை மிதிச்சா முன்னால மஞ்சள் லைட் மங்கலா எரியும். சில வண்டியில டேஷ்ல உள்ள பச்சை அம்பும் லேசா விழிக்கும். இதைப் பாத்து ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்சை மாத்தினவங்க உண்டு.

இது ரிலே உள்ள வண்டிக்குச் சொல்லுதேன். புது வண்டி பலதுல ரிலேயே கிடையாது, ஒரு கண்ட்ரோல் பெட்டியே கரண்டை அளந்து அடிக்குது. டிக்டிக் சத்தம் கூட பெரும்பாலும் ஸ்பீக்கர்ல வர்றதுதான். எர்த் கோளாறு அங்கயும் வரும், ஆனா பெட்டி எப்படி நடந்துக்கும்னு வண்டிக்கு வண்டி மாறும்.

உப்புக்காத்து | ஜூன் 19, இரவு 10.00

வேலை முடிஞ்சுது. எர்த் பின்னை எமரி போட்டுத் தேச்சு மாட்டலாம்னு பாத்தேன். அண்ணாச்சி போன்ல திட்டினார்: தேச்சா மேல உள்ள வெள்ளீயப் பூச்சு போயிரும், அடுத்த மழைக்கு இன்னும் சீக்கிரமா பூக்கும், உருகின பிளாஸ்டிக்ல பின் இறுக்கமா நிக்கவும் செய்யாது. அதனால பழைய வண்டி உடைக்கிற ஒரு இடத்துல இதே கப்ளரை ஒரு முழ வயரோட வெட்டி வாங்கினேன். லைட்டோட தகட்டு முனை நல்லவேளையா உருகல, சுத்தம் பண்ணினது போதும்.

வயரை ஒட்டுறதுல எனக்கும் அண்ணாச்சிக்கும் ஒத்துப்போகல. அவர் குழாய்க்குள்ள வயரை விட்டு நசுக்கி இறுக்குற கிரிம்ப்தான் பண்ணணும்ங்கிறார். ஈயம் வச்சா அந்த இடத்துல வயர் விறைச்சு, டிக்கியை அடிச்சு அடிச்சு மூடும்போது ஒடியுமாம். நான் ஈயம் வச்சு, மேல டியூப் சுருக்கி, ஆடாம இருக்கப் பாடியோட சேத்துக் கட்டிட்டேன். எது நிலைக்கும்னு ரெண்டு மழைக்காலம் பாப்போம். கப்ளரை மாட்டினதுக்கு அப்புறம் மேல பெட்ரோலியம் ஜெல்லி, லைட்டைச் சுத்திப் புது ஃபோம்.

பிரேக்கை மிதிச்சு அதே இடத்துல அளந்தா 0.06. இடது போட்டு மிதிச்சா 84, பார்க் லைட்டும் சேத்துப் போட்டாலும் 84. மச்சான் பின்னால நின்னு பாத்துட்டு, இடது பிரேக் லைட் இப்போதான் வலது மாதிரி எரியுதுன்னான். எத்தனை மாசமா மங்கலா எரிஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்.

குலசேகரம் ரப்பர் | ஜூன் 21, காலை 8.10

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். டீச்சர் பிரேக் லைட் பத்திச் சொன்னது மனசுல கிடந்து உறுத்திக்கிட்டே இருந்துது. நேத்து ராத்திரி என் வண்டியை ஷெட் சுவருக்கு நேரா நிறுத்தி நாலு பக்கமும் பாத்தேன்.

முன் வலது இண்டிகேட்டர் எரியல. பல்பைக் கழட்டினா கண்ணாடி உள்ள கறுத்துப் போயிருக்கு, இழை அறுந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். என் ரிலே ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டு வருஷத்துல ஒரு நாள் கூட வேகமா அடிச்சதில்லன்னு பெருமையா எழுதினேன் பாருங்க.

தக்கலை அண்ணாச்சி | ஜூன் 21, காலை 8.25

காது கேக்காத காவல்காரனை வச்சா தூக்கம் நல்லா வரும்வே.

குலசேகரம் ரப்பர் | ஜூன் 21, காலை 8.40

பழைய ரிலேயைத் தூக்கிப் போட்டுட்டேன் அண்ணாச்சி. உப்புக்காத்து, உங்ககிட்ட ஒண்ணு சும்மாதானே கிடக்கு?

உப்புக்காத்து | ஜூலை 2, இரவு 9.30

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு குறிப்பு. நடுவுல நாலு நாள் நல்ல மழை. இடது இன்னும் 84, எர்த்துல 0.06. மாறல.

கையில மீட்டர் இருந்தா சும்மா இருக்க முடியுதா, வலது பக்கத்தையும் அளந்தேன். பிரேக் மிதிச்சா 0.3. இண்டிகேட்டர்ல ஒரு வித்தியாசமும் தெரியல, ரிலேயும் ஒண்ணும் சொல்லல. கப்ளரைக் கழட்டினா எர்த் பின் ஓரத்துல மெல்லிசா பச்சை. இதுக்கும் புதுக் கப்ளர் தேடணுமா, சுத்தம் பண்ணி ஜெல்லி தடவினா போதுமா? மேல ஃபோம் நல்லாத்தான் இருக்கு, தண்ணித் தடம் இல்ல. அப்போ இது வெறும் கடல்காத்துலயே வந்ததா, இல்ல எனக்கு முன்னால வச்சிருந்தவர் எப்பவாவது தண்ணி விட்டதா, தெரியல.

ரப்பர், ரிலேக்கு ஆள் அனுப்பினீங்களே, பழையதை மறுபடியும் என் வண்டியிலேயே மாட்டி 84 எண்ணிப் பாத்துட்டேன். அதனால உங்க தம்பிகிட்ட குடுத்து விட்டது புதுசு. உங்க வண்டியில ரிலேயோட பின் அமைப்பு அதேதானான்னு பாத்துட்டு மாட்டுங்க, முன் வலது பல்பையும் மாத்திட்டு. 350 வேண்டாம், கொஞ்சம் நல்ல தேன் இருந்தா குடுத்து விடுங்க.

தக்கலை அண்ணாச்சி | ஜூலை 3, காலை 6.00

0.3க்கு இப்போ சுத்தம் பண்ணி, பின் இறுக்கமா இருக்கான்னு பாத்து, ஜெல்லி தடவினா போதும். தேய்க்காதீரும். ஐப்பசி மழைக்கு முன்னால இன்னொரு தடவை அளந்து, கூடியிருந்தா மாத்தும். தேன்ல எனக்கும் பங்கு உண்டு.